பத்தாம் தேதி எதற்கு என்று அண்ணனுக்குச் சொன்னீர்களா?

கேள்வி: ஐயா, மணலியில் ஒரு இரசாயன ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டிய ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கையை, அதாவது படிவம் 5-ஐ, இந்த முறை நான்தான் தொகுக்கிறேன். உற்பத்தி, ஸ்டோர்ஸ் கணக்குகள் வந்துவிட்டன. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கசடு, தண்ணீர்க் கணக்குகளை 10-ஆம் தேதிக்குள் கேட்டிருந்தேன். மூன்று முறை வாட்ஸ்அப்பில் நினைவூட்டியும் “அனுப்பிடறேன்மா” என்றுதான் பதில். இன்று 14-ஆம் தேதி. “அண்ணா, தேதி முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, இன்னைக்காவது அனுப்புங்க” என்று போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஆலைத் தலைவருக்கு நகல் வைத்து மெயில் போடச் சொல்கிறார் மேலாளர். அண்ணன் என் அப்பா வயதுக்காரர், எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். எப்படிக் கேட்பது? – ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: மெயிலை இன்று போட வேண்டாம். நாளைக் காலை ஷிஃப்ட் கைமாறி, அவர் பம்புகளையும் காற்றூட்டும் தொட்டியையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்து, தேநீருக்கு உட்காரும் நேரமாகப் பார்த்து நேரில் போங்கள். போவதற்கு முன், இதுவரை நீங்கள் அனுப்பிய செய்திகளை எல்லாம் ஒருமுறை படித்துப் பாருங்கள். அவற்றில் ஒரு தேதி இருந்திருக்கும். அந்தத் தேதி எதற்காக என்பது இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 30 அவருக்கு நன்றாகத் தெரியும். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 14-ஆவது விதி சொல்லும் தேதி அது; அத்தனை ஆண்டுகளாக அந்த நிலையத்தில் இருப்பவருக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாதது 10-ஆம் தேதிதான். முப்பதாம் தேதி தர வேண்டிய அறிக்கைக்குப் பத்தாம் தேதியே கணக்குக் கேட்டால், “இந்தப் பொண்ணு தன் வசதிக்கு ஒரு தேதி போட்டிருக்கு, இன்னும் இருபது நாள் இருக்கே” என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதில் சோம்பலும் இல்லை, உங்கள் மேல் அலட்சியமும் இல்லை. நாள்தோறும் அடைத்துக்கொள்ளும் பம்பு, அமிலத்தன்மை ஏறி இறங்கும் கழிவுநீர், வராத ஒப்பந்தத் தொழிலாளி என்று கண்ணெதிரே பத்து வேலைகள் நிற்கும் ஒருவர், காரணம் தெரியாத தேதியைக் கடைசியில் வைக்கிறார், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் அவரிடம் கொண்டுபோக வேண்டியது இன்னொரு நினைவூட்டல் அல்ல. பத்துக்கும் முப்பதுக்கும் நடுவே அந்த எண்ணுக்கு என்னென்ன நடக்கிறது என்ற விவரம்.

அதை அவருக்குச் சொல்ல வேண்டுமானால் முதலில் உங்களுக்கே அது துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கசடுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் படிவத்தின் நான்காவது பகுதி, ஆண்டில் உருவான அபாயகரக் கழிவின் அளவைக் கேட்கிறது. முந்தைய நிதியாண்டுக்கு ஒரு கட்டம், இந்த நிதியாண்டுக்கு ஒரு கட்டம். இதே கசடை நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை வாரியத்துக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அபாயகரக் கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஜூன் 30-க்குள் தர வேண்டிய படிவம் 4 அது. ஒரே நிதியாண்டு, ஒரே கசடு, ஒரே வாரியம். இரண்டு தாள்களிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

எளிதாகத்தான் தோன்றும். ஆனால் “கசடு எவ்வளவு?” என்ற கேள்விக்கு உங்கள் ஆலையிலேயே மூன்று விடைகள் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என்னுடையவை, உங்கள் பதிவேட்டில் இருப்பவற்றை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் இருக்கும் பொதுக் கழிவு மையத்துக்கு ஆண்டு முழுவதும் போன லாரிகளின் எடைச்சீட்டுகளைக் கூட்டினால் 17.2 டன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது வெளியே போனது, உருவானது அல்ல. நிதியாண்டு தொடங்கிய ஏப்ரல் 1 அன்று கொட்டகையில் பழைய கசடு 2.6 டன் கிடந்தது. மார்ச் 31 மாலை 3.8 டன் மீதி இருந்தது. போனதோடு மீதியைக் கூட்டி, பழையதைக் கழித்தால்தான் அந்த ஆண்டில் உருவானது கிடைக்கும்:

உருவானது = 17.2 + 3.8 − 2.6 = 18.4 டன்

மூன்றாவது விடை ஷிஃப்ட் லாக் புத்தகத்தில் இருக்கும். ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து கசடு இறங்கும்போது மூட்டைகளை எண்ணி எழுதியிருப்பார்கள். 410 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ என்றால் 20.5 டன். இது ஈரக் கசடு. கொட்டகையில் காய்ந்து, தண்ணீர் குறைந்த பிறகுதான் லாரியில் ஏறுகிறது. ஆக 17.2, 18.4, 20.5 ஆகிய மூன்று எண்களில் எதையும் யாரும் பொய்யாக எழுதவில்லை. ஜூன் மாதம் படிவம் 4-இல் எது போயிற்றோ, அதே அடிப்படையில் கணக்கிட்ட எண்தான் செப்டம்பரிலும் போக வேண்டும். ஜூனில் போனதே தவறான அடிப்படை என்றால் அதை மேலாளரிடம் இப்போதே சொல்லி, திருத்தக் கடிதம் தர வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். அண்ணன் தரும் எண் ஜூன் எண்ணோடு பொருந்தாவிட்டால் எடைச்சீட்டுகளை எடுத்து, கழிவு மையம் கையொப்பமிட்டுத் திருப்பியனுப்பிய சரக்குச் சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு சீட்டு மார்ச் மாதக் கோப்புக்குப் பதிலாக ஏப்ரல் கோப்பில் சொருகப்பட்டிருக்கும்; அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போகும். இப்படி மூன்று நாட்களாவது பிடிக்கும் என்பது என் அனுபவம்.

இதுதான் உங்கள் 10-ஆம் தேதியின் பொருள். எண்ணைப் பெற்றுக்கொள்வதற்கான தேதி அல்ல அது. எண் பொருந்தாமல் போனால் அதைத் துருவிப் பார்க்க அவகாசம் மிச்சமிருக்க வேண்டிய தேதி. இதை ஒருமுறை அவரிடம் சொல்லிவிட்டால், அந்த அவகாசம் உங்களைக் காப்பதைவிட அவரைத்தான் அதிகம் காக்கிறது என்பது அவருக்கே விளங்கும், ஏனென்றால் வாரியத்திலிருந்து கேள்வி வந்தால் முதலில் கேட்கப்படும் பதிவேடு அவருடையது.

இந்தப் பாடத்தை நான் நல்ல வழியில் கற்றுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஆலையில், இதே அறிக்கைக்காக ஒரு பொறுப்பாளரை வாரக்கணக்கில் நச்சரித்தேன், மேலதிகாரியிடமும் சொன்னேன். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ஒரு துண்டுச் சீட்டில் எண் வந்தது. சரிபார்க்க நேரமில்லாமல் அப்படியே ஏற்றிவிட்டேன். அடுத்த முறை இசைவாணையைப் புதுப்பிக்கப் போனபோது, அதிகாரி இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “எது உண்மை?” என்று கேட்டார். சீட்டில் அந்தப் பொறுப்பாளர் எழுதியிருந்தது லாரியில் போன அளவு. நான் நிரப்பியது உருவான அளவுக்கான கட்டம். நான் அவருக்கு அனுப்பிய தாளில் “கசடு, டன்” என்று மட்டுமே இருந்தது என்பதைப் பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கேட்டதற்கு அவர் சரியாகத்தான் விடை தந்திருந்தார்.

ஆகவே நாளை போகும்போது “கணக்கு” என்று பொதுவாகக் கேட்காமல், மூன்று எண்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஏப்ரல் 1 இருப்பு, ஆண்டில் வெளியே போனது, மார்ச் 31 இருப்பு. பெரிய வேலை என்று ஒத்திப்போட்டிருந்தது மூன்று எண்களாகச் சுருங்கும்போது பாதித் தயக்கம் போய்விடும். தண்ணீர்க் கணக்கை அன்றைக்குக் கேட்க வேண்டாம். படிவம் அதை ஒரு நாளைக்கு இத்தனை கன மீட்டர் என்றும், ஒரு அலகு உற்பத்திக்கு எவ்வளவு செயல்முறை நீர் என்றும் கேட்கிறது. உற்பத்தி அளவு ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பதால், மீட்டர் அளவு வந்த அன்றே வகுத்து எழுதிவிடலாம். அது 20-ஆம் தேதி வந்தாலும் நட்டமில்லை. எதற்கு அவசரம், எதற்கு அவசரமில்லை என்று நீங்களே பிரித்துச் சொல்லும்போது, அவசரம் என்று நீங்கள் சொல்வதை அவர் நம்பத் தொடங்குவார்.

இனி, பதில் சொல்லாமல் நழுவுகிறாரே, அதைப் பற்றி. என் அனுமானம் ஒன்று உண்டு, தவறாகவும் இருக்கலாம். “அனுப்பிடறேன்மா” என்று வாரக்கணக்கில் சொல்லும் அனுபவசாலியிடம் பெரும்பாலும் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கும். மணலியின் பள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓங்கிப் பெய்தால் ஆலைக்குள் தண்ணீர் நிற்கும், மின்சாரம் போகும், மீட்டர் நிற்கும். அந்த நாட்களுக்கு லாக் புத்தகத்தில் அளவே இருக்காது, அல்லது ஈரத்தில் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பலர் முழுக் கணக்கையும் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள். “ஏன் தாமதம்?” என்று கேட்டால் இது வெளியே வராது. அந்தக் கேள்வி எவ்வளவு மென்மையாகக் கேட்கப்பட்டாலும் விசாரணைதான். “மழை நாட்கள்ல மீட்டர் நின்ன தேதி ஏதாவது இருக்காண்ணா? இருந்தா அதை எப்படி எழுதறதுன்னு சேர்ந்து பாத்துடலாம்” என்று கேட்டால் வரும்.

ஓட்டை இருப்பது தெரிந்தால் அது உலகம் முடிகிற விஷயமல்ல. மீட்டர் நின்ற நாட்களுக்குப் பம்பு ஓடிய மணிக்கணக்கை அதன் சோதித்த ஓட்ட அளவால் பெருக்கி எடுக்கலாம். கொடுங்கையூரிலிருந்து மறுசுத்திகரித்த நீரைக் குழாயில் வாங்கும் ஆலை என்றால் குடிநீர் வாரியத்தின் மாதாந்தரப் பில்லே ஒரு சாட்சி. எந்தத் தேதிகளுக்கு, எந்த அடிப்படையில் மதிப்பிட்டீர்கள் என்று ஒரு குறிப்பை அறிக்கையோடு இணைத்துவிட வேண்டும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு. சென்ற ஆண்டு எண்ணோடு கொஞ்சம் கூட்டி நீங்களாக நிரப்பிவிட்டு, “அண்ணனைத் தொந்தரவு பண்ண வேண்டாம்” என்று இருந்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும், அவர் பதிவேட்டுக்கு முரணான ஒரு எண்ணை அவருக்குத் தெரியாமல் அரசுக்குத் தந்தவர் நீங்களாக இருப்பீர்கள்.

உதவி செய்வதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. லாக் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து, மாதவாரியாகக் கூட்டித் தருவதாகச் சொல்லுங்கள். கணினித் தாளில் ஏற்றுவதுதான் அவருக்கு மலையாக இருந்திருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய பலர் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கூட்டி முடித்த தாளை அவர் பார்த்து, சரி என்று ஒப்பம் வைக்க வேண்டும். கூட்டல் உங்களுடையது, எண் அவருடையது. இதை மாற்றிக்கொண்டால் அடுத்த ஆண்டிலிருந்து அந்த வேலை நிரந்தரமாக உங்கள் தலையில் விழும், அவருக்கும் அந்தப் பதிவேட்டின் மேல் இருந்த பிடி போய்விடும்.

நேரில் பேசிய அன்று மாலையே அதை எழுத்தில் வையுங்கள். புகாராக அல்ல, பேசியதன் குறிப்பாக. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம் அண்ணா. காலையில் பேசியதைக் குறித்து வைக்கிறேன். படிவம் 5-க்குக் கசடுக் கணக்கில் மூன்று எண்கள் தேவை: ஏப்ரல் 1 அன்று கொட்டகையில் இருந்தது, ஆண்டு முழுவதும் கும்மிடிப்பூண்டிக்குப் போனது, மார்ச் 31 அன்று மீதி இருந்தது. ஜூனில் படிவம் 4-இல் நாம் கொடுத்த 18.4 டன்னோடு இது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சீட்டுகளை ஒத்துப் பார்க்க நமக்கு மூன்று நாட்கள் ஆகும். 23-ஆம் தேதி மேலாளரிடம் போனால்தான், அவர் பார்த்து, ஆலைத் தலைவர் கையொப்பமிட்டு, 29-ஆம் தேதி ஏற்ற முடியும். அதனால் கசடு எண்கள் 17-ஆம் தேதி மாலைக்குள் கிடைத்தால் சரிபார்க்க நேரம் இருக்கும். லாக் பக்கங்களை நாளை மதியம் வந்து படமெடுத்துக் கூட்டித் தருகிறேன், நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும். தண்ணீர்க் கணக்கு 20-ஆம் தேதி வந்தால் போதும். 17 முடியாது என்றால் எந்த நாள் முடியும் என்று சொல்லுங்கள், மேலாளரிடம் பேசித் தேதியைச் சரிசெய்து பார்க்கிறேன்.”

நீளம்தான். ஆனால் இந்த ஒரு நீளச் செய்தி, நாள்தோறும் போடும் நான்கு குட்டிச் செய்திகளைவிடக் குறைவாகவே உறுத்தும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். “முடியாது” என்று சொல்ல ஒரு வழி இருக்கும்போதுதான் மனிதர்கள் மௌனத்தை விட்டு வெளியே வருகிறார்கள். 18 என்று அவர் சொன்னால் ஒரு நாள் போனது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எத்தனை நாள் போகும் என்பதே தெரியாது.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடைசிச் செய்தியில் அவரைச் சுட்டது நான்கு நாள் கணக்கு அல்ல, “இன்னைக்காவது” என்ற சொல் என்று நினைக்கிறேன். தமிழில் இந்த “ஆவது” சின்ன ஒட்டுதான். ஆனால் “இத்தனை நாள் செய்யாதவர் நீங்கள்” என்ற குற்றச்சாட்டு முழுவதும் அதற்குள் மடிந்து கிடக்கிறது. “இன்னைக்குள்ள” என்றால் அது வெறும் காலக்கெடு. அதேபோல “நீங்கள் இன்னும் அனுப்பவில்லை” என்றால் செயலும் அவருடையது, குறையும் அவருடையது. “கசடுக் கணக்கு இன்னும் என் கைக்கு வரவில்லை” என்றால் நிலைமை மட்டும் சொல்லப்படுகிறது, உண்மையும் குறையவில்லை. “மறுபடியும் கேட்கிறேன்”, “இதைக்கூட”, “உங்கள் ஒருவருடையதுதான் பாக்கி” ஆகியவையும் அதே சாதி. மற்றப் பிரிவுகள் தந்துவிட்டன என்று சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அதை எழுத வேண்டாம், அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மெயிலின் தலைப்பில் “நினைவூட்டல் 3” என்று எண்ணிக்கை போடும் வழக்கமும் அலுவலகங்களில் இருக்கிறது. எனக்கு அது கடன்காரருக்குப் போகும் நோட்டீஸ் போலத்தான் தெரிகிறது.

இன்னொரு பக்கம் சறுக்கவும் வேண்டாம். மனம் நோகக் கூடாது என்பதற்காக “நேரம் கிடைக்கும்போது அனுப்புங்கண்ணா”, “ஒண்ணும் அவசரமில்ல” என்று எழுதிவிட்டால், நீங்கள் இத்தனை பாடுபட்டு விளக்கிய தேதியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். மரியாதை விளியிலும் தொனியிலும் இருக்கட்டும். தேதி தேதியாகவே இருக்கட்டும்.

மேலாளர் சொன்ன நகலுக்கு வருகிறேன். அவர் கவலை நியாயமானது, வழி மட்டும் முந்திக்கொண்டது. ஆலைத் தலைவரை நகலில் வைத்த முதல் மெயிலை ஷாப் ஃப்ளோரில் யாரும் “தகவல்” என்று எடுத்துக்கொள்வதில்லை, “போட்டுக் கொடுத்துட்டா” என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பிறகு உங்களுக்கு வர வேண்டிய எண் அன்று மாலையே வந்துவிடும், ஆனால் அது அவசரத்தில் எழுதிய எண்ணாக இருக்கும். அதன் ஓட்டைகளைப் பற்றி அவர் உங்களிடம் பேச மாட்டார். நமக்கு வேண்டியது சீக்கிரம் வரும் எண் மட்டுமல்ல, எங்கே சந்தேகம் இருக்கிறது என்ற விவரத்தோடு வரும் எண். ஆகவே மேலாளரிடம், “நேரில் பேசியிருக்கிறேன், 17 வரை பொறுங்கள், 18 காலை நிலைமையைச் சொல்கிறேன்” என்று கேட்டு வாங்குங்கள்.

18-ஆம் தேதி காலையிலும் எண்ணோ பதிலோ இல்லை என்றால் மேலே சொல்லத்தான் வேண்டும். அதில் உறவுக்காகத் தயங்கக் கூடாது. ஆனால் முதலில் அவரிடமே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, 23-ஆம் தேதி தவறிடும் போல இருக்கு, அதனால மேலாளர்கிட்ட இன்னைக்கு நிலைமையைச் சொல்றேன், உங்க பக்கத்துல ஆள் பற்றாக்குறைன்னா அதையும் சேர்த்துச் சொல்லட்டுமா?” பிறகு மேலாளருக்கு எழுதும் குறிப்பில் மனிதர்கள் வேண்டாம், வேலை மட்டும் இருக்கட்டும்: கசடுக்கான மூன்று எண்களும் இன்று வரை கைக்கு வரவில்லை, வந்தபின் படிவம் 4-உடன் ஒத்துப் பார்க்க மூன்று நாட்கள் தேவை, 20-ஐத் தாண்டினால் ஒத்துப் பார்க்காமல் ஏற்றும் நிலை வரும், லாக் புத்தகத்தைக் கூட்ட ஒரு ஷிஃப்ட் ஆளை இரண்டு நாள் விடுவித்தால் 20-க்குள் முடியும். கடைசி வாக்கியம் முக்கியமானது. மேலாளரால் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கும் குறிப்பு புகார் ஆகாது. அதன் நகலை அண்ணனுக்கும் வையுங்கள். அவரைப் பற்றி எழுதியதை அவர் பிறர் வாயிலாகக் கேட்கக் கூடாது.

கையொப்பத்துக்கு நான் ஒதுக்கியிருக்கும் நாட்கள் கூடுதலாகத் தோன்றலாம். ஆலைத் தலைவர் ஊரில் இல்லாத இரண்டு நாட்கள், வாரியத்தின் இணையப் பக்கம் கடைசி நாளில் சுற்றிக்கொண்டே இருக்கும் சில மணி நேரங்கள், சில ஆண்டுகளில் அதே வாரத்தில் வந்து விழும் ஆயுத பூஜை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. உங்கள் ஆலைக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் வந்து, பொருந்தி, அறிக்கை மேலாளரிடம் போகும் முன் கசடுப் பகுதியை மட்டும் ஒரு அச்சுப் பிரதி எடுத்து அண்ணனிடம் காட்டுங்கள். தன் லாக் புத்தகம் எந்தக் கட்டத்தில் போய் உட்காருகிறது என்பதைப் பல பொறுப்பாளர்கள் வேலைக்காலம் முழுவதும் பார்த்ததே இல்லை. அப்படியே அவருடைய நடப்பு ஆண்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில், ஏப்ரல் 1 தொடக்க இருப்பு என்று, நீங்கள் இருவரும் இப்போது ஒத்துக்கொண்ட அந்த மார்ச் 31 எண்ணை அவர் கையாலேயே எழுதி, தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஜூன் மாதம் படிவம் 4-க்கு உட்காரும்போது நீங்கள் முதலில் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.